நான்கு வருடக் கட்டடம்: லாபம் எந்த வருடத்துக்கு?

2018 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியாவின் பெரிய பில்டர் நிறுவனங்கள் பலவற்றின் கணக்குப் புத்தகங்களில் வினோதமான ஒரு பதிவு விழுந்தது. முந்தைய ஆண்டுகளில் லாபம் என்று அறிவித்து, ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு, பங்குதாரர்களிடம் சொல்லி, இருப்பு நிதியில் சேர்த்து வைத்திருந்த தொகையில் கணிசமான ஒரு பகுதியை அன்று கழித்துவிட்டார்கள். யாரும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. எந்தக் கட்டடமும் இடியவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த வீடுகளை ஒப்படைக்க ஒப்படைக்க, கழித்த அதே லாபம் மறுபடியும் லாப நட்டக் கணக்கில் வரவாக ஏறியது. அதாவது ஒரு வீட்டின் லாபம் இரண்டு தடவை அறிவிக்கப்பட்டது. இரண்டு தடவையும் அது அன்றைய விதிப்படி சரியாகவே இருந்தது.

இது எப்படி நடக்கும் என்று புரிந்துகொண்டால், பில்டர் நிறுவனத்தின் பங்கை வாங்குகிறவருக்கும், அந்த நிறுவனத்தை நம்பி வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறவருக்கும், பில்டரோடு கூட்டுச் சேரும் நில உரிமையாளருக்கும் பயன் உண்டு.

மளிகைக் கடையில் சரக்கு கைமாறியதும் விற்பனை முடிந்துவிடுகிறது. அடுக்குமாடி அப்படி இல்லை. நிலம் வாங்குவது ஒரு வருடம், அஸ்திவாரமும் தூண்களும் அடுத்த வருடம், சுவரும் பூச்சும் அதற்கடுத்த வருடம், சாவி கொடுப்பது நான்காம் வருடம் என்று போகும். நடுவில் மூன்று மார்ச் 31 வந்துவிடும். ஒவ்வொரு மார்ச் 31-லும் கணக்கை மூடி, இந்த ஆண்டு எவ்வளவு சம்பாதித்தோம் என்று சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. வேலை எத்தனை சதவீதம் முடிந்ததோ அத்தனை சதவீத வருமானத்தை அந்தந்த ஆண்டே காட்டுவது ஒன்று. ஆடிட்டர்கள் இதைப் பர்சன்டேஜ் கம்ப்ளீஷன் என்பார்கள். நாம் விகித முறை என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வீட்டை ஒப்படைக்கும் வரை ஒரு ரூபாய் லாபமும் காட்டாமல் இருந்து, ஒப்படைக்கும்போது மொத்தமாகக் காட்டுவது மற்றொன்று. இதற்குக் கம்ப்ளீட்டட் கான்ட்ராக்ட் என்று பெயர். இதை முடிவு முறை எனலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு பிடிபடும். சென்னைப் புறநகரில் 40 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் நான் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு வீடு 80 லட்சம். ஆக மொத்த விற்பனை 32 கோடி. நிலத்துக்கு 6 கோடி, கட்டுவதற்கு 18 கோடி, மொத்தச் செலவு 24 கோடி. எதிர்பார்க்கும் லாபம் 8 கோடி, அதாவது வீட்டுக்கு 20 லட்சம்.

முதல் ஆண்டு முடிவில் நிலம் வாங்கியாகிவிட்டது. கட்டுமானத்தில் 3.6 கோடி செலவாகியிருக்கிறது. விகித முறையில் வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்பதைப் பெரும்பாலும் செலவை வைத்தே அளப்பார்கள்: இதுவரை ஆன செலவு, முடிக்கும் வரை ஆகப்போகும் மொத்தச் செலவில் எத்தனை பங்கு என்று. இங்கே ஆன செலவு 9.6 கோடி, 24 கோடியில் அது 40 சதவீதம். ஆனால் இடத்துக்குப் போய் நின்று பார்த்தால் அஸ்திவாரமும் சில தூண்களும்தான் தெரியும். கட்டுமானச் செலவை மட்டும் எடுத்தால் 18 கோடியில் 3.6 கோடி, வெறும் 20 சதவீதம். நிலத்தின் விலைதான் சதவீதத்தை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. நகரத்தின் நடுவே, கட்டுகிற செலவைவிட மனையின் விலை அதிகமாக இருக்கும் இடங்களில், ஒரு செங்கல்கூட வைக்காமல் பாதி வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்ட முடியும்.

இதைத் தடுக்கத்தான் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2012-இல் தன் வழிகாட்டுக் குறிப்பைத் திருத்தியது. அதன்படி பில்டர் விகித முறையில் வருமானம் காட்டத் தொடங்க வேண்டுமானால், முக்கியமான அனுமதிகள் எல்லாம் கிடைத்திருக்க வேண்டும். நிலம் நீங்கலான கட்டுமானச் செலவில் குறைந்தது 25 சதவீதம் ஆகியிருக்க வேண்டும். விற்கக்கூடிய பரப்பில் 25 சதவீதத்துக்காவது வாங்குபவர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அந்த ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் 10 சதவீதப் பணமாவது கைக்கு வந்திருக்க வேண்டும். நம் கட்டடம் 20 சதவீதத்தில் நிற்பதால் முதல் ஆண்டு லாபம் பூஜ்யம். வாசலைத் தாண்டும் வரைக்கும்தான் நிலத்தை ஒதுக்கி வைக்கிறது இந்த விதி என்பதையும் கவனிக்க வேண்டும். 25 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, எத்தனை சதவீதம் முடிந்தது என்ற கணக்கில் நிலமும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாம் ஆண்டு முடிவில் கட்டுமானச் செலவு 10.8 கோடியைத் தொட்டுவிட்டது. 20 வீடுகளுக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது. மொத்தச் செலவு 16.8 கோடி, அதாவது 70 சதவீதம். விற்ற 20 வீடுகளின் லாபம் முழுதாக 4 கோடி. அதில் 70 சதவீதம், 2.8 கோடி, இந்த ஆண்டின் லாபமாக அறிவிக்கப்படுகிறது. விற்காத 20 வீடுகளுக்கு எந்த வருமானமும் காட்ட முடியாது; அவற்றின் மேல் ஆன செலவு முடிவுறாத வேலையாக பேலன்ஸ் ஷீட்டில் நிற்கும்.

மூன்றாம் ஆண்டில்தான் விஷயம் சிக்கலாகிறது. கம்பி விலை ஏறிவிட்டது, கூலி ஏறிவிட்டது, தரையடியில் பாறை வந்து தோண்டும் செலவு கூடிவிட்டது. சைட் என்ஜினீயர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து, கட்டுமானத்துக்கு 18 கோடி போதாது, 22 கோடி ஆகும் என்கிறார். மொத்தச் செலவு 28 கோடி. லாபம் 8 கோடியிலிருந்து 4 கோடியாக இறங்கிவிட்டது. வீட்டுக்கு 10 லட்சம்தான். இந்த ஆண்டு முடிவில் கட்டுமானத்தில் 15 கோடி செலவாகியிருக்கிறது, நிலத்தோடு 21 கோடி, 28 கோடியில் அது 75 சதவீதம். இதுவரை 30 வீடுகள் விற்றிருக்கின்றன. அவற்றின் லாபம் 3 கோடி, அதில் 75 சதவீதம் 2.25 கோடி. தொடக்கத்திலிருந்து இன்றுவரை காட்டியிருக்க வேண்டிய லாபம் இதுதான். ஆனால் போன ஆண்டே 2.8 கோடி காட்டிவிட்டோமே! ஆகவே இந்த ஆண்டு 55 லட்சம் நட்டம். பத்து வீடுகள் கூடுதலாக விற்று, கட்டடம் கண்முன்னே உயர்ந்த ஒரு ஆண்டில் நட்டம்.

இப்போது என்ஜினீயர் சொன்னதை யாரோ அமுக்கிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "விலை இறங்கிவிடும், பழைய எஸ்டிமேட்டே இருக்கட்டும்" என்கிறார் மேலே இருப்பவர். மொத்தச் செலவு 24 கோடி என்றே புத்தகத்தில் நிற்கிறது. செலவான 21 கோடி அதில் 87.5 சதவீதம். வீட்டுக்கு லாபம் இன்னும் 20 லட்சம் என்பதால், 30 வீடுகளுக்கு 6 கோடி, அதில் 87.5 சதவீதம் 5.25 கோடி. போன ஆண்டு காட்டிய 2.8 கோடியைக் கழித்தால் இந்த ஆண்டு லாபம் 2.45 கோடி. உண்மையில் 55 லட்சம் நட்டம், காட்டியது 2.45 கோடி லாபம். 3 கோடி வித்தியாசம். ஒரு பொய் பில் இல்லை, வராத பணம் வந்ததாக எழுதவில்லை, விற்காத வீட்டை விற்றதாகக் காட்டவில்லை. இனிமேல் ஆகப்போகும் செலவு என்ற ஒரே ஒரு எண்ணைத் தொடாமல் விட்டதுதான் நடந்தது. அந்த எண் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பதுதான் இதில் ஆபத்து. எஸ்டிமேட் குறைவாக இருந்தால் முடிந்த சதவீதமும் ஏறும், வீட்டுக்கு வரும் லாபமும் ஏறும். இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும்.

மறைத்தது மறைந்தே இருக்காது. நான்காம் ஆண்டு மீதி 7 கோடி செலவாகி, கட்டடம் முடிந்து, 40 வீடுகளும் விற்றுவிட்டால், மொத்த லாபம் 4 கோடிதான். நேர்மையாக எழுதியவர் நான்காம் ஆண்டில் 1.75 கோடி லாபம் காட்டுவார். மறைத்தவர் 1.25 கோடி நட்டம் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்குள் அடுத்த புராஜெக்ட் தொடங்கியிருக்கும், அதில் புதிதாக வரும் லாபம் இந்தப் பள்ளத்தை மூடிவிடும். புராஜெக்ட் மேல் புராஜெக்ட்டாக ஓடிக்கொண்டிருக்கும் வரை தெரியாது. விற்பனை தளர்ந்த ஆண்டில் எல்லாப் பள்ளங்களும் ஒன்றாக வெளியே வரும்.

இது கற்பனையான பயம் இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் 2015-இல் அமைக்கப்பட்ட சுயேச்சைக் குழு, 2008 முதல் 2014 வரையிலான காலத்தில் சுமார் 15,000 கோடி யென் அளவுக்கு லாபம் கூட்டிக் காட்டப்பட்டதாகக் கண்டது. அதில் சுமார் 4,770 கோடி யென், பல ஆண்டுகள் ஓடும் ஒப்பந்த வேலைகளில் விகித முறையைப் பயன்படுத்திய விதத்தால் வந்தது. ஒப்பந்தம் நட்டத்தில் முடியும் என்று உள்ளே தெரிந்த பிறகும் செலவு மதிப்பீட்டை உயர்த்தாமல், நட்டத்துக்கு ஒதுக்கீடு செய்யாமல் தள்ளிப்போட்டார்கள். தலைவர் ஹிசாவோ தனாகா அந்த ஜூலையிலேயே பதவி விலகினார். மேலிடம் கொடுத்த லாப இலக்கை எட்ட முடியாத கீழ்ப்பிரிவுகள், யாருக்கும் சட்டென்று கண்ணில் படாத இந்த எண்ணில்தான் கை வைத்தன.

செலவை வைத்து அளப்பதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. மார்ச் மாதக் கடைசியில் நம் கட்டடத்துக்கு இரண்டு லிப்ட் வந்து இறங்குகின்றன. மரப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, தார்ப்பாய் போர்த்திக் கீழ்த்தளத்தில் ஓரமாக வைத்திருக்கிறார்கள். பில் 80 லட்சம். அதை ஆன செலவில் சேர்த்தால் முடிந்த வேலையின் சதவீதம் ஏறும், அதோடு லாபமும் ஏறும். ஆனால் லிப்ட் பெட்டிக்குள் இருக்கும்வரை கட்டடத்தில் எந்த வேலையும் நடந்ததாக ஆகாது. பழைய கணக்குத் தரம் 7, சைட்டுக்கு வந்து இன்னும் பொருத்தப்படாத பொருளையும், துணைக் காண்ட்ராக்டருக்குக் கொடுத்த முன்பணத்தையும் இந்தச் சதவீதத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. அந்த வேலைக்கென்றே பிரத்யேகமாகச் செய்த பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. புதிய தரம் லிப்ட் மாதிரியான பொருளுக்கு, தகுதி இருந்தால் அதன் விலையளவுக்கு மட்டும் வருமானம் காட்டலாம், அதன் மேல் லாபம் காட்டக் கூடாது என்கிறது. மார்ச் 31 தேதியிட்ட டைல்ஸ், கம்பி, லிப்ட் பில்களை நல்ல ஆடிட்டர் தனியாக எடுத்து வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

முடிவு முறைக்கு இந்த நோய் இல்லை. நம் கட்டடத்தில் அந்த முறையை வைத்தால் முதல் மூன்று ஆண்டும் லாபம் பூஜ்யம், நான்காம் ஆண்டு 4 கோடி. எஸ்டிமேட்டை யார் என்ன செய்தாலும் லாப நட்டக் கணக்கு அசையாது. கண்ணுக்குத் தெரிந்த, முடிந்துபோன ஒன்றைத்தான் அது சொல்கிறது. ஆனால் உண்மையில் அந்த மூன்று ஆண்டுகளும் பூஜ்யமாகக்கூட இருக்காது. அலுவலக வாடகை, ஊழியர் சம்பளம், பத்திரிகை விளம்பரம் போன்றவற்றைக் கட்டடச் செலவில் சேர்க்க முடியாது. அந்தந்த ஆண்டே செலவாகப் போய்விடும். ஆண்டுக்கு 30 லட்சம் என்றால், மூன்று ஆண்டும் தலா 30 லட்சம் நட்டம் என்றே கணக்கு சொல்லும். 30 வீடுகள் விற்ற நிறுவனம் வங்கியில் கடன் கேட்கப் போகும்போது இந்த மூன்று நட்டக் கணக்குகளைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே முடிவு முறையில் லாப நட்டக் கணக்கைப் பார்த்துப் பில்டரை எடைபோட முடியாது. பேலன்ஸ் ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் நம் பில்டரின் சொத்துப் பக்கம் 21 கோடிக்கு முடிவுறாத வேலை நிற்கும். எதிர்ப்பக்கம், வீடு வாங்கியவர்கள் இதுவரை கட்டிய தவணைகள் எல்லாம், வாடிக்கையாளர் முன்பணம் என்ற தலைப்பில் கடன்போல நிற்கும். அது பணமாகத் திருப்பித் தர வேண்டிய கடன் இல்லை, வீடாகத் திருப்பித் தர வேண்டியது. முன்பணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போய், முடிவுறாத வேலை அதற்கு ஈடாக ஏறவில்லை என்றால், வாங்கியவர் பணம் வேறெங்கோ போகிறது என்று சந்தேகப்படக் காரணம் உண்டு. நட்டம் காட்டும் நிறுவனத்தில் இந்த இரண்டு வரிகளும் ஒன்றுக்கொன்று ஒத்து வளர்ந்தால், அது நலமாக இருக்கக்கூடும்.

முடிவு முறையிலும் விளையாட இடம் உண்டு. அது எண்ணில் இல்லை, தேதியில் இருக்கிறது. வீட்டை எந்த நாளில் ஒப்படைத்தோம்? நிறைவுச் சான்றிதழ் வந்த நாளா, கடைசித் தவணை கட்டிய நாளா, சாவி வாங்கிய நாளா? 40 வீடுகளில் 36-ஐ மார்ச்சில் ஒப்படைத்தால் லாபம் 3.6 கோடி, மீதி நாலு வீட்டின் 40 லட்சம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். வர்ணம் காயாத வீட்டுக்கு மார்ச் கடைசி வாரத்தில் ஒப்படைப்புக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்க அவசரப்படுகிறார்கள் என்றால், அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இங்கே இருக்கலாம்.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒரு விதி இருக்கிறது. செலவு விற்பனை விலையையே தாண்டிவிடும் என்று தெரிந்துவிட்டால், முடியும் வரை காத்திருக்கக் கூடாது. மொத்த நட்டத்தையும் அன்றே ஏற்றுக்கொள்ள வேண்டும். லாபத்தைத்தான் தவணையில் காட்டலாமா, கடைசியில் காட்டலாமா என்ற கேள்வி. நட்டத்துக்குத் தவணை இல்லை.

இனி அந்த 2018-க்கு வருவோம். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் இந்தியக் கணக்குத் தரம் 115 என்ற புதிய விதி நடைமுறைக்கு வந்தது. பில்டர் தனக்குப் பிடித்த முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒப்பந்தத்தைப் படித்தே முடிவு செய்ய வேண்டும் என்றது அது. அது கேட்கும் கேள்விகளைச் சாதாரண மொழியில் சொல்கிறேன். கட்டக் கட்ட அந்தக் கட்டடம் வாங்குபவரின் பிடிக்குள் வருகிறதா? வரவில்லை என்றால், வாங்குபவர் பாதியில் விலகிக்கொண்டால், அதுவரை செய்த வேலைக்கான பணத்தை லாபத்தோடு கேட்டு வாங்கும் சட்ட உரிமை பில்டருக்கு உண்டா? இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்றால் விகித முறை. இரண்டுக்கும் இல்லை என்றால் ஒப்படைக்கும் நாளில்தான் வருமானம்.

இரண்டாவது கேள்விதான் பெரும்பாலான அடுக்குமாடிகளின் கணக்கை மாற்றியது. ரெரா சட்டத்துக்குப் பிறகு வழக்கத்துக்கு வந்த விற்பனை ஒப்பந்தத்தில், வாங்குபவர் தவணை கட்டத் தவறி ஒப்பந்தம் ரத்தானால், பில்டர் முன்பதிவுத் தொகையையும் வட்டியையும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். முன்பதிவுத் தொகை பொதுவாக விலையில் 10 சதவீதம். நம் கட்டடம் 75 சதவீதம் முடிந்த நிலையில் ஒருவர் விலகினால், பில்டர் கையில் நிற்பது 80 லட்சத்தில் 8 லட்சமும் கொஞ்சம் வட்டியும். 75 சதவீத வேலைக்கான 60 லட்சம் இல்லை. செய்த வேலைக்கான பணத்தைக் கேட்கும் உரிமை இல்லை என்பது இதனால் தெளிவாகிறது. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் பலவும் ஒப்படைக்கும் நாளுக்கு மாறின. முன்பே காட்டிய லாபத்தை இருப்பு நிதியிலிருந்து எடுத்துவிட்டு, வீடு கைமாறும் ஆண்டுக்குத் தள்ளிவைத்தன.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் தனியாக யோசிக்க வேண்டியது. இங்கே பல காலமாக ஒரு வீட்டுக்கு இரண்டு பத்திரங்கள் போடுவது வழக்கம். நிலத்தில் பிரிக்கப்படாத பாகத்தை, எல்லாரும் யூடிஎஸ் என்று சொல்வதை, முதலில் கிரயப் பத்திரம் எழுதி வாங்குபவர் பெயரில் பதிந்துவிடுவார்கள். வீடு கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் இருக்கும். கட்டடம் எழும்பும் முன்பே மண்ணின் ஒரு பங்கு வாங்குபவருக்கு ஆகிவிட்டது. அந்த மண்மேல் பில்டர் கட்டுகிறார். இப்படிப் பார்த்தால் பில்டர் கிட்டத்தட்ட ஒரு காண்ட்ராக்டர்தான், கட்டக் கட்ட வருமானம் காட்டலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. இரண்டு பத்திரங்களும் சேர்ந்து ஒரே வீட்டின் விற்பனை, தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. என் பார்வையில் இரண்டாவது வாதமே பெரும்பாலான வழக்கமான கட்டடங்களுக்குப் பொருந்துகிறது. யூடிஎஸ் மட்டும் வாங்கிக்கொண்டு கட்டுவதற்கு வேறு ஆளை வைக்கும் சுதந்திரம் வாங்குபவருக்கு நிஜத்தில் இல்லை. 2023 டிசம்பரிலிருந்து பதிவுத்துறை நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பில் அடுக்குமாடி வீடுகளைப் பதியத் தொடங்கியதும், இரண்டு பத்திர வழக்கத்தை நம்பிச் செய்த வாதம் இன்னும் பலவீனமாகிறது. எப்படியானாலும் முடிவு அந்தந்த ஒப்பந்தத்தின் வாசகத்தில்தான் இருக்கிறது.

இதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. புதிய தரம் எல்லாப் பில்டருக்கும் பொருந்தாது. முதன்மைப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும், நிகர மதிப்பு 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகளுக்கும், அவற்றின் துணை நிறுவனங்கள் போன்றவற்றுக்கும்தான் அது கட்டாயம். ஊரில் இரண்டு மூன்று கட்டடம் கட்டும் கூட்டு நிறுவனமோ சிறிய பிரைவேட் கம்பெனியோ இன்னும் பழைய தரங்களையும் 2012-இன் வழிகாட்டுக் குறிப்பையும்தான் பின்பற்றும். ஆகவே ஒரே தெருவில், ஒரே விலையில், ஒரே வேகத்தில் கட்டும் இரண்டு பில்டர்களில் சிறியவர் இந்த ஆண்டு லாபமும், பெரியவர் நட்டமும் காட்டுவது முற்றிலும் சாத்தியம். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர் முதலில் ஆண்டறிக்கையின் கணக்குக் கொள்கைக் குறிப்பில் வருமானம் என்ற தலைப்பைப் படிக்க வேண்டும். எந்த முறை என்று அங்கே ஒரு பத்தியில் எழுதியிருக்கும்.

விகித முறையில் இருக்கும் பில்டரைச் சோதிக்க, ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டிய வரி வேறு. வருமானமாகக் காட்டியாகிவிட்டது, ஆனால் வாங்குபவருக்கு இன்னும் பில் அனுப்பவில்லை என்ற தொகை ஒன்று சொத்துப் பக்கம் இருக்கும். தவணைகள் பெரும்பாலும் தளம் ஏற ஏற, வேலையோடு சேர்ந்தே கேட்கப்படுகின்றன. எனவே காட்டிய வருமானமும் கேட்ட பணமும் மிகவும் விலகக் கூடாது. பில் அனுப்பாத வருமானம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வீங்கினால், கட்டடம் ஏறுவதைவிட வேகமாகச் சதவீதம் ஏறுகிறது என்று பொருள். இதை ஒத்துப் பார்க்க வெளியே இன்னொரு சதவீதமும் கிடைக்கிறது. ரெரா சட்டப்படி வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். வேலை முடிந்த அளவுக்கு மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம், அதற்கு என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரின் சான்றும் வேண்டும். புராஜெக்ட்டின் முன்னேற்றத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை ரெரா இணையதளத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். அங்கே 45 சதவீதம் என்றும், கணக்கில் 70 சதவீதம் என்றும் இருந்தால் அதனாலேயே மோசடி என்றாகிவிடாது. கணக்கில் நிலம் சேர்ந்திருக்கலாம். ஆனால் நிலத்தை விலக்கிப் பார்த்த பிறகும் இடைவெளி அப்படியே இருந்தால் பில்டரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

வருமான வரி இந்த விவாதத்தைத் தன் பக்கத்திலிருந்து பார்க்கிறது. மற்றவருக்காகக் கட்டித் தரும் காண்ட்ராக்டருக்கு, அரசுப் பாலமோ தனியார் தொழிற்சாலையோ, வரிக் கணக்கில் விகித முறை கட்டாயம். 2018-இன் நிதிச் சட்டம், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43சிபி என்ற பிரிவைச் சேர்த்து இதை உறுதியாக்கியது. வேலை 25 சதவீதத்தைத் தாண்டும் வரை லாபம் காட்டத் தேவையில்லை என்ற சலுகை உண்டு. ஆனால் எதிர்பார்க்கும் நட்டம் முழுவதையும் உடனே கழித்துக்கொள்ள வரிக் கணக்கு விடுவதில்லை. முடிந்த வேலையின் விகிதத்துக்கு மட்டும்தான் கழிக்கலாம். கணக்குப் புத்தகத்தில் நட்டத்துக்குத் தவணை இல்லை, வரிக் கணக்கில் உண்டு. நட்டத்தில் போகும் ஒரு பால ஒப்பந்தத்தில் காண்ட்ராக்டர் புத்தகப்படி பெரிய நட்டத்தோடும், வரிக் கணக்குப்படி அதைவிடச் சிறிய நட்டத்தோடும் ஒரே ஆண்டில் நிற்க நேரும்.

சொந்தமாகக் கட்டி விற்கும் புரமோட்டருக்கு மட்டுமான வரிக் கணக்குத் தரம் எதுவும் இன்னும் அறிவிக்கப்படவில்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் சொன்னது. அந்த இடைவெளியில் வழக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு கட்டடம் பற்றியதே அல்ல, சீட்டு பற்றியது. சீட்டு கட்டிய சில நிறுவனங்கள் சீட்டு முடியும்போதுதான் லாப நட்டம் பார்ப்போம் என்றன. ஆண்டுதோறும் பங்கு பிரித்துக் காட்டு என்றது வரித்துறை. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன பிலஹரி இன்வெஸ்ட்மென்ட்ஸ் வழக்கு அது. முடிவு முறையும் ஏற்கத்தக்க முறைதான். துறையே பல ஆண்டுகள் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எந்த ஆண்டில் காட்டினாலும் வரி மொத்தத்தில் பெரிதாக மாறப்போவதில்லை. ஆகவே முறையை மாற்றச் சொல்லக் காரணம் இல்லை என்று 2008-இல் நீதிமன்றம் சொன்னது.

எனினும் முடிவு முறையில் இருக்கும் புரமோட்டருக்கு ஒரு நடைமுறைத் தொல்லை நீங்குவதில்லை. வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நம் கட்டடத்தில் வீட்டுக்கு 80,000 ரூபாய். ஜிஎஸ்டியும் தவணையோடு சேர்ந்தே போய்விடுகிறது; அது கட்டடம் முடியும் வரை காத்திருப்பதில்லை. முதல் மூன்று ஆண்டும் வரித்துறையின் திரையில் பில்டரின் பெயரில் கோடிக்கணக்கில் வரவு தெரிகிறது. அவருடைய ரிட்டர்னில் விற்பனை பூஜ்யம் என்று இருக்கிறது. வரவு எங்கே என்று கேட்டு நோட்டீஸ் வருவது வழக்கம். பேலன்ஸ் ஷீட்டில் நிற்கும் வாடிக்கையாளர் முன்பணத்தை வீடுவாரியாகப் பிரித்து, யார் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார், எவ்வளவு வரி பிடிக்கப்பட்டது என்ற பட்டியலை இணைத்துத்தான் பதில் எழுத வேண்டியிருக்கும். பிடித்த வரியை, வருமானம் எந்த ஆண்டில் வரிக்கு உட்படுகிறதோ அந்த ஆண்டில்தான் கழித்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. முதல் ஆண்டு தவணையில் பிடித்த பணம் நான்காம் ஆண்டு ரிட்டர்ன் வரை அப்படியே தூக்கிச் செல்லப்படும்.